94 அடித்தவர் 80 அடித்தவரை வென்றது எப்படி? கோல்ஃப் ஹேண்டிகேப்: ஓர் எளிய விளக்கம்

"அவர் ஹேண்டிகேப் 18. அதாவது எப்போதும் பாருக்கு மேலே 18 அடிப்பார்." கோல்ஃப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். பார் என்பது நல்ல ஆட்டக்காரருக்கு வைத்த இலக்கு அடி எண்ணிக்கை. சரிபோலத்தான் கேட்கும். ஆனால் தப்பு. ஹேண்டிகேப் 18 உள்ளவர் பெரும்பாலான நாட்களில் அதைவிட மோசமாகத்தான் ஆடுவார். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் மொத்த முறையும் புரிந்த மாதிரி.

தம்பியைப் பத்து எட்டு முன்னால் நிறுத்துவது

தெருவில் அண்ணனும் தம்பியும் ஓட்டப்பந்தயம் வைத்தால் அண்ணன்தான் ஜெயிப்பான். அதனால், "நீ பத்து எட்டு முன்னாடி நின்னுக்கோ" என்று தம்பிக்குச் சலுகை தருவார்கள். குதிரைப் பந்தயத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுகிறார்கள். இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான்: முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது.

கோல்ஃபில் இந்தச் சலுகை அடிகளாகக் கிடைக்கிறது. பந்தை ஒருமுறை அடித்தால் அது ஒரு அடி, அதாவது ஸ்ட்ரோக். 18 குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவர் வெற்றி பெறுகிறார். திறமை குறைந்தவரின் மொத்த எண்ணிக்கையிலிருந்து சில அடிகளைக் கழித்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை எண்தான் ஹேண்டிகேப். உண்மையில் அடித்தது கிராஸ் ஸ்கோர், கழித்த பிறகு நிற்பது நெட் ஸ்கோர்.

தம்பிக்குப் பத்து எட்டு போதுமா, பதினைந்து வேண்டுமா என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடலாம். கோல்ஃபில் அது முடியாது. ஆடுபவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள், ஆடிப் பழகிய மைதானங்களும் வேறு வேறு. அதனால் முதலில் மைதானங்களை அளக்க ஒரு கோல் வேண்டும்.

பார் ஒரு இலக்கு மட்டுமே

ஒவ்வொரு குழிக்கும் ஒரு பார் எண் உண்டு. நன்றாக ஆடும் ஒருவர் அந்தக் குழியை எத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்பதே பார். கிரீன் எனப்படும் மழித்த புல்வெளியை அடைய இத்தனை அடி, அங்கே பந்தை உருட்டிக் குழியில் போட இரண்டு அடி என்று கணக்கு. ஒரே அடியில் கிரீனை எட்ட முடிகிற குழி பார் 3. இரண்டில் எட்டுவது பார் 4, மூன்றில் எட்டுவது பார் 5.

இது பெரும்பாலும் தூரத்தை வைத்துத்தான் முடிவாகிறது. ஆண்களுக்கு 260 கஜம் வரை பார் 3 வைக்கலாம், 240 முதல் 490 கஜம் வரை பார் 4 வைக்கலாம். இந்த இரண்டு வரம்பும் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். 250 கஜக் குழி மேடேறிப் போனால் பார் 4 ஆகலாம், சரிவில் இறங்கினால் பார் 3 ஆகலாம்.

பாருக்கு ஒன்று குறைவாக முடித்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. இந்தப் பெயர்களுக்கு நங்கூரமாக இருப்பது பார்தான்.

பாரால் செய்ய முடியாத ஒன்று உண்டு. எந்த மைதானம் கடினம் என்று அது சொல்லாது. பார் 72 என்று எழுதிய ஒரு மைதானம் நேரான, அகலமான புல்வெளியாக இருக்கலாம். அதே பார் 72 கொண்ட இன்னொன்றில் குழிக்குக் குழி குளமும் மணல் பள்ளமும் இருக்கலாம். "நான் பாருக்கு 15 மேலே" என்று ஒருவர் சொன்னால், எந்த மைதானத்தில் என்று கேட்காதவரை அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மைதானத்துக்கு இரண்டு மதிப்பெண்

இந்தக் குறையைத் தீர்க்கப் பயிற்சி பெற்ற குழுவினர் மைதானத்தை நேரில் நடந்து அளந்து இரண்டு எண்கள் தருகிறார்கள்.

முதலாவது கோர்ஸ் ரேட்டிங். ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ள ஆட்டக்காரரை ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் என்பார்கள். அவர் நன்றாக ஆடும் நாளில் இந்த மைதானத்தில் எத்தனை அடிப்பார் என்பதுதான் கோர்ஸ் ரேட்டிங். 71.1 என்று தசமத்தில் வரும். பார் 72 உள்ள மைதானத்தின் ரேட்டிங் 69 ஆகவும் இருக்கலாம், 75 ஆகவும் இருக்கலாம்.

இரண்டாவது ஸ்லோப் ரேட்டிங். குழப்பம் அதிகம் இங்கேதான். பெயரைப் பார்த்துவிட்டு இது மைதானத்தின் மேடு பள்ளத்தைக் குறிக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. மைதானம் எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கிறது என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் இல்லை. ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் நடுவே இந்த மைதானம் எவ்வளவு இடைவெளியை உண்டாக்கும் என்பதையே ஸ்லோப் சொல்கிறது. அந்தச் சுமாரான ஆட்டக்காரரைப் போகி ஆட்டக்காரர் என்கிறார்கள்; ஆண்களில் ஹேண்டிகேப் 20 அளவில் இருப்பவர்.

ஒரு குழியை அருகே போய்ப் பார்ப்போம். நீளம் 430 கஜம், பார் 4. அளக்கும் குழுவின் கணக்கில் ஸ்கிராட்ச் ஆண் முதல் அடியில் 250 கஜம் போவார், இரண்டு அடியில் 470 கஜம் வரை எட்டுவார். இந்தக் குழியின் கிரீனுக்கு அவர் இரண்டிலேயே வந்துவிடுவார். போகி ஆட்டக்காரருக்கு முதல் அடி 200 கஜம், இரண்டும் சேர்ந்து 370. இன்னும் 60 கஜம் பாக்கி நிற்கிறது. மூன்றாவது அடி கட்டாயம். இப்போது கிரீனுக்கு 60 கஜம் முன்னால் ஒரு குளத்தை வெட்டிப் பாருங்கள். முதலாமவர் அதன் தலைக்கு மேலே பறந்துவிடுவார், குளம் இருப்பதே அவருக்கு உறைக்காது. இரண்டாமவரின் பந்து சரியாக அங்கேதான் போய் விழும். ரேட்டிங் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஸ்லோப் ஏறிவிடும்.

ஸ்லோப் 55 முதல் 155 வரை போகும். நடுத்தர மைதானத்துக்கு 113. கணக்குகளில் இந்த 113 திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பார் என்பது குழிக்கான இலக்கு, ரேட்டிங் என்பது நல்ல ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்பது, ஸ்லோப் என்பது சுமாரானவருக்கு அது கூடுதலாக எவ்வளவு கடினம் என்பது.

இருபதில் எட்டு

இனி ஆட்டக்காரரை அளக்க வேண்டும். உலகம் முழுவதும் முன்பு ஆறு வேறு வேறு முறைகள் இருந்தன. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து அவற்றை ஒன்றாக்கி 2020-இல் உலக ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தன.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அன்றைய ஸ்கோரை மைதானத்தின் கடினம் நீக்கிய எண்ணாக மாற்றுகிறார்கள். இதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்க வேண்டும். காற்று மழை மிக மோசமான நாளுக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு. சாதாரண நாளில் அது பூஜ்யம்தான்.

கடைசி 20 ஆட்டங்களின் டிஃபரன்ஷியல்களை வரிசையாக வைத்து, அவற்றில் மிகக் குறைந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அதுதான் ஹேண்டிகேப் இன்டெக்ஸ். மீதிப் பன்னிரண்டும் கணக்கில் வராது.

முதல் பத்தியில் சொன்ன தவறுக்கு விடை இங்கே இருக்கிறது. ஹேண்டிகேப் ஒருவரின் சராசரி ஆட்டம் அல்ல. நன்றாக ஆடும் நாட்களின் சராசரி. அதனால் ஒருவர் தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடுவது நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். மற்ற நாட்களில் இரண்டு மூன்று அடிகள் கூடும்.

புதிதாக வருபவருக்கு 20 ஆட்டம் தேவையில்லை, 54 குழிகள் ஆடியிருந்தால் போதும். மூன்று முழு ஆட்டங்களின் டிஃபரன்ஷியல்கள் 38.2, 34.5, 36.0 என்று வந்திருந்தால் குறைந்ததான 34.5-ஐ எடுத்து அதிலும் 2 கழிப்பார்கள். அவருடைய முதல் இன்டெக்ஸ் 32.5. உச்ச வரம்பு ஆண், பெண் எல்லோருக்கும் 54.0. பூஜ்யத்தைவிடச் சிறந்தவர்களுக்கு +2 என்று கூட்டல் குறியோடு எழுதுவார்கள். அவர்கள் தங்கள் ஸ்கோரோடு அடிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதன்முதலில் பார்ப்பவர் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ராகவனும் கார்த்திக்கும்

மாமா ராகவனின் இன்டெக்ஸ் 21.3, மருமகன் கார்த்திக்கின் இன்டெக்ஸ் 6.8 என்று வைத்துக்கொள்வோம். ஆடப்போகும் மைதானம் பார் 72, ரேட்டிங் 71.1, ஸ்லோப் 124.

இன்டெக்ஸ் என்பது ஊர் ஊராகக் கொண்டு போகிற எண். இன்றைய மைதானத்தில் அதற்கு எத்தனை அடி என்பது கோர்ஸ் ஹேண்டிகேப். இன்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் அது கிடைக்கும். இங்கே வித்தியாசம் 71.1 − 72, அதாவது −0.9.

```
ராகவன்:    21.3 × 124 ÷ 113 − 0.9 = 22.47 → 22
கார்த்திக்:   6.8 × 124 ÷ 113 − 0.9 =  6.56 →  7
```

இருவருக்கும் இடையே 15 அடி வித்தியாசம். இதே இருவரும் ரேட்டிங் 68.9, பார் 70, ஸ்லோப் 98 உள்ள எளிய மைதானத்துக்குப் போனால் ராகவனுக்கு 17, கார்த்திக்குக்கு 5 வரும். வித்தியாசம் 12 ஆகச் சுருங்கிவிடும். ஆட்டக்காரர்கள் மாறவில்லை. மாமாவின் பந்து போய் விழுகிற குளங்கள் குறைந்துவிட்டன, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேட்ச் பிளே ஆடுகிறார்கள். இதில் மொத்த அடியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு குழியும் தனி மோதல். அதிகக் குழிகளை வென்றவர் வெற்றியாளர். இங்கே அந்த 15 அடிகளை மாமா எந்தெந்தக் குழிகளில் வாங்கிக்கொள்வது? ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு குழிக்கும் நேரே 1 முதல் 18 வரை ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். அடிகளை வழங்க வேண்டிய வரிசை அது. 15 அடி பெறுபவருக்கு 1 முதல் 15 வரை எண்ணிட்ட குழிகளில் ஒவ்வொன்று கிடைக்கும்.

ஏழாவது குழி பார் 4, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 3. கார்த்திக் 4 அடித்தான், ராகவன் 5 அடித்தார்.

"அஞ்சுல ஒண்ணு போனா நாலு. சமம் மாப்ளே."

"சரிதான் மாமா. பன்னெண்டாம் குழிக்கு வாங்க, பார்த்துக்கலாம்."

பன்னிரண்டாவது பார் 3, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 16. மாமாவின் பதினைந்து அடிகளும் அதற்கு முந்திய எண்ணோடு தீர்ந்துவிடுகின்றன. அங்கே கார்த்திக் 3, ராகவன் 4 என்றால் குழி கார்த்திக்குக்குத்தான். கார்டைப் படிக்கத் தெரிந்தவர்கள், எந்தக் குழியில் துணிய வேண்டும், எங்கே அடக்கி ஆட வேண்டும் என்பதை இந்தச் சின்ன எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

முழு அடியையும் ஏன் தருவதில்லை?

அடுத்த வாரம் இருவரும் கிளப் போட்டியில் நூறு பேரோடு ஆடுகிறார்கள். இது ஸ்ட்ரோக் பிளே. மொத்த அடிதான் கணக்கு. இங்கே கோர்ஸ் ஹேண்டிகேப்பில் 95 சதவீதத்தை மட்டும் தருவது வழக்கம். ராகவனுக்கு 21, கார்த்திக்குக்கு 6. (பெருக்கும்போது முழுமையாக்காத 22.47, 6.56 என்ற எண்களையே எடுக்க வேண்டும். பலர் தவறுவது இதில்தான்.)

இந்தக் கழிவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஹேண்டிகேப் 5 உள்ளவரின் ஸ்கோர்கள் நெருக்கமாக இருக்கும். 25 உள்ளவரின் ஸ்கோர்கள் சிதறிக் கிடக்கும். ஒருநாள் 108, இன்னொரு நாள் 92. இருவர் மட்டும் மோதும்போது இந்தச் சிதறல் சுமாரானவருக்கு உதவாது. அவருடைய சாதாரண நாளும் எதிராளியின் சாதாரண நாளும் மோதினால், நிலையாக ஆடுபவருக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. நூறு பேர் ஆடும் போட்டியில் நிலைமை மாறுகிறது. ஹேண்டிகேப் கூடிய ஐம்பது பேரில் யாராவது ஒருவருக்காவது அன்று அந்த 92 வந்தே தீரும். அந்த ஒருவர் பரிசைத் தட்டிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் ஐந்து சதவீதத்தைக் கத்தரிக்கிறார்கள். மேட்ச் பிளேயில் 100 சதவீதமும் கொடுப்பதன் காரணமும் இதுவே.

அன்று கார்த்திக் 80, ராகவன் 94. நெட் கணக்கில் 80 − 6 = 74, 94 − 21 = 73. மாமாவுக்கு ஒரு அடி வித்தியாசத்தில் வெற்றி.

பத்து அடித்த அந்தக் குழி

ராகவனின் 94-இல் ஒரு குழியில் மட்டும் பத்து இருந்தது. பார் 4, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 11. இரண்டு பந்து தண்ணீரில், ஒரு பந்து மணலில். போட்டியைப் பொறுத்தவரை பத்து பத்துதான். ஹேண்டிகேப் கணக்குக்குப் போகும்போது மட்டும் அதற்கு ஒரு மூடி போடுகிறார்கள்: நெட் டபுள் போகி. பார், அதோடு 2, அதோடு அந்தக் குழியில் அவருக்கு உரிய அடிகள். கோர்ஸ் ஹேண்டிகேப் 22 என்பதால் எல்லாக் குழியிலும் ஒரு அடி, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 1 முதல் 4 வரையுள்ள நான்கு குழிகளில் மட்டும் இரண்டு அடி. ஆக இந்தக் குழிக்கு 4 + 2 + 1 = 7. பத்து ஏழாகி, 94 என்பது 91 ஆகிறது.

ஒரு குழியில் நடந்த விபத்து ஒருவரின் திறமையைக் காட்டாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வேண்டுமென்றே கடைசிக் குழியில் 15 அடித்து இன்டெக்ஸை ஏற்றிக்கொள்ள முடியாமல் செய்வது.

எங்கே கோணல் விழுகிறது

அப்படி ஏற்றிக்கொள்பவர்களுக்கு ஆங்கிலத்தில் சாண்ட்பேகர் என்றே பெயர் இருக்கிறது. சாதாரண ஆட்டங்களில் மோசமாக அடித்து ஹேண்டிகேப்பை வளர்த்து, பரிசுப் போட்டியில் வெளுத்து வாங்குபவர். இவர்களுக்கு இரண்டு கடிவாளம் உண்டு. கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த இன்டெக்ஸைவிட 3.0 கூடிவிட்டால், அதற்கு மேல் வரும் ஏற்றத்தில் பாதியைத்தான் அனுமதிப்பார்கள்; 5.0-க்கு மேல் ஏறவே விடமாட்டார்கள். அடுத்து, தன் இன்டெக்ஸைவிட 7.0 அல்லது அதற்கு மேல் சிறப்பாக ஒரு நாள் ஆடிவிட்டால் தானாகவே இன்டெக்ஸில் 1.0 கூடுதலாகக் குறையும், 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் 2.0.

எதிர்த்திசைக்காரர்களும் இருக்கிறார்கள். நல்ல ஸ்கோரை மட்டும் பதிவு செய்து, "நான் சிங்கிள் ஹேண்டிகேப்", அதாவது பத்துக்குக் கீழே, என்று மார்தட்டுபவர்கள். இவர்களால் மற்றவர்களுக்கு நஷ்டமில்லை. போட்டிக்குப் போட்டி தோற்பது இவர்கள்தான்.

என் கணிப்பில் ஏமாற்றைவிட அதிகம் நடப்பது கவனக்குறைவு. ஆட்டம் தொடங்கும் மேடைக்கு டீ என்று பெயர். நீல டீ, வெள்ளை டீ என்று முன்னும் பின்னுமாகப் பல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ரேட்டிங், தனி ஸ்லோப். ஒரே டீயிலேயே ஆண்களுக்கு ஒரு ரேட்டிங், பெண்களுக்கு இன்னொரு ரேட்டிங். நீல டீயில் 71.1 மற்றும் 124, வெள்ளையில் 69.2 மற்றும் 119 என்று வையுங்கள். வெள்ளையில் ஆடி 91 அடித்தவரின் டிஃபரன்ஷியல் 20.7. பதிவு செய்யும்போது கை தவறி நீலத்தைத் தேர்ந்தெடுத்தால் 18.1. ஒரே ஆட்டத்துக்கு 2.6 வித்தியாசம். இப்படி இரண்டு கார்டு எட்டுக்குள் புகுந்துவிட்டால், தனக்கு ஏன் அடிகள் குறைகின்றன என்று தெரியாமலே பல மாதம் தோற்றுக்கொண்டிருப்பார். சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது கணக்கில் சேர்ந்த அந்த எட்டு கார்டுகளையும் அவற்றின் டீ நிறத்தையும்தான்.

ராகவன் நீல டீயில்தான் ஆடினார். அவருடைய 91-க்கு டிஃபரன்ஷியல் (91 − 71.1) × 113 ÷ 124 = 18.1. அவருடைய எட்டில் மோசமானது 22.4 என்றால் அது வெளியே போய் 18.1 உள்ளே வரும். இன்டெக்ஸ் 21.3-இலிருந்து 20.8 ஆகும். அரைப் புள்ளி இறங்கிவிட்டதே என்று அவர் கவலைப்படலாம். ஆனால் அதே மைதானத்தில் 20.8-ஐப் போட்டுப் பாருங்கள்: 21.9 வரும், முழுமையாக்கினால் மறுபடியும் 22. கார்த்திக்கின் இன்டெக்ஸ் மாறாமல் இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையும் மாமாவுக்கு அதே 15 அடி, பன்னிரண்டாம் குழியில் அதே வெறுங்கை.